ஊர் மாறும்போது கவர் லெட்டர்: சேரும் தேதியை எப்படி எழுதுவது?

கேள்வி: கணவருக்குப் பணியிட மாற்றம் வந்திருக்கிறது. ஜூன் முதல் வாரம் வேறு நகரத்துக்குக் குடிபோகிறோம். நான் 6 வருடமாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். நோட்டீஸ் பீரியட் 60 நாள். ஏப்ரல் 1-ம் தேதி ராஜினாமா கொடுக்கப் போகிறேன். இப்போதே, மார்ச்சிலேயே, அங்குள்ள கம்பெனிகளுக்கு விண்ணப்பிக்கிறேன். ஊர் மாறுவதையும் சேரும் தேதியையும் கவர் லெட்டரில் எப்படிச் சுருக்கமாக எழுதுவது?

பதில்: முதலில் ஒரு வினைச்சொல்லைச் சரி செய்துகொள்ளுங்கள். பலரும் 'இடம் மாறத் தயாராக இருக்கிறேன்' என்று எழுதுகிறார்கள். வேலை கிடைத்தால் வருவேன், இல்லாவிட்டால் இல்லை என்றுதான் ஹெச்.ஆர். அதைப் படிப்பார். கடைசி நேரத்தில் மனம் மாறுமோ, இடமாற்றச் செலவு கேட்பாரோ என்ற சந்தேகமும் கூடவே வரும். உங்கள் நிலைமை அதுவல்ல. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் போகிறீர்கள். அதனால் 'குடிபெயர்கிறேன்' என்று உறுதியாகவே எழுதுங்கள். கூடவே காரணத்தை அரை வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். 'குடும்பச் சூழல் காரணமாக' என்று மழுப்பினால் ஏதோ பிரச்சினை போலத் தோன்றும். 'கணவரின் பணியிட மாற்றம்' என்றால் அங்கே சில வருடமாவது இருப்பீர்கள் என்று புரிந்துவிடும். அவர் எந்தக் கம்பெனி, குழந்தைகளின் பள்ளி என்ன ஆயிற்று என்பதெல்லாம் வேண்டாம்.

தேதி விஷயத்தில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஏப்ரல் 1 ராஜினாமா. மறுநாளிலிருந்து எண்ணினால் ஏப்ரலில் 29 நாள், மே மாதத்தில் 31 நாள், மொத்தம் 60. கடைசி வேலை நாள் மே 31. சில இடங்களில் ராஜினாமா கொடுத்த நாளையும் சேர்த்து எண்ணுவார்கள், அப்போது மே 30. நோட்டீஸ் காலத்தில் எடுக்கும் லீவுக்கு ஈடாக அத்தனை நாள் நீட்டுகிற கம்பெனிகளும் உண்டு. எனவே இப்போதைய ஹெச்.ஆரிடம் இதை ராஜினாமா அன்றே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்படியானால் ஜூன் 1 சேர்கிறேன் என்று எழுதலாமா? கூடாது. அந்த வாரம்தான் சாமான் ஏற்றி இறக்குவீர்கள். ரிலீவிங் லெட்டர் கடைசி நாளிலேயே கைக்கு வரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை, புதிய இடத்தில் சேரும் அன்று அதைத்தான் முதலில் கேட்பார்கள். இரண்டு வாரம் இடைவெளி விட்டு ஜூன் 15 என்று எழுதுங்கள். ஆள் எடுக்கும் பக்கம் இருந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டு வாரம் தள்ளிச் சொன்ன தேதியை யாரும் குறையாக நினைப்பதில்லை, சொன்ன தேதியைப் பிறகு தள்ளிப்போடுவதுதான் மனக்கசப்பை உண்டாக்கும். 'உடனே சேர முடியும்' என்ற வார்த்தை உங்கள் கடிதத்தில் வரவே கூடாது.

கடிதம் இவ்வளவு போதும்:

> வணக்கம். உங்கள் கணக்கு அலுவலர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். கணக்குப் பிரிவில் 6 வருட அனுபவம் உண்டு. மாத இறுதிக் கணக்கு முடிப்பதும் தணிக்கைக்கான ஆவணங்கள் தயாரிப்பதும் என் பொறுப்பு.
>
> கணவரின் பணியிட மாற்றம் காரணமாக ஜூன் முதல் வாரம் உங்கள் நகரத்துக்குக் குடிபெயர்கிறேன். என் நோட்டீஸ் பீரியட் 60 நாள். ஏப்ரல் 1 அன்று ராஜினாமா கொடுக்கிறேன், மே 31 கடைசி வேலை நாள். ஜூன் 15 முதல் பணியில் சேர முடியும்.
>
> அதுவரை வீடியோ வழியாக நேர்காணலில் கலந்துகொள்ள முடியும். நேரில் வர வேண்டுமென்றால் ஒரு வாரம் முன்பு சொன்னால் போதும்.

ரெஸ்யூமேயின் தலைப்பில் பழைய ஊர் முகவரி மட்டும் இருந்தால், கடிதத்தைத் திறக்காமலேயே ஒதுக்கிவிடக்கூடும். அதனால் அங்கேயும் 'ஜூன் முதல்' என்று புதிய ஊரின் பெயரைச் சேர்த்துவிடுங்கள். அங்கிருக்கும் உறவினர் முகவரியைப் போட்டு ஏற்கெனவே குடியிருப்பதுபோலக் காட்டாதீர்கள். நாளைக்கே நேரில் வரச் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள்.

காலண்டர் தேதி உங்களுக்குப் பொருந்துவது, ஊர் மாறும் நாளும் ராஜினாமா நாளும் முடிவாகிவிட்டதால்தான். ஆஃபர் கைக்கு வந்த பிறகே ராஜினாமா கொடுப்பேன் என்று முடிவை மாற்றினால், ராஜினாமா நாள், கடைசி வேலை நாள், சேரும் நாள் மூன்றையும் எடுத்துவிட்டு, 'ஆஃபர் லெட்டர் கிடைத்த நாளிலிருந்து 75 நாளில் சேர முடியும்' என்று எழுதுங்கள். 60 நாள் நோட்டீஸ், 15 நாள் இடைவெளி. நேர்காணல்கள் எவ்வளவு இழுத்தாலும் அந்த வாக்கியம் பொய்யாகாது. ராஜினாமா கொடுத்த பிறகு அனுப்பும் கடிதங்களில் 'கொடுக்கிறேன்' என்பதை 'கொடுத்துவிட்டேன், நோட்டீஸில் இருக்கிறேன்' என்று மாற்ற மறக்காதீர்கள்.