குதிகால் வலியும் ஒற்றைச் செருப்பும்

கேள்வி: ஜவுளிக்கடையில் வேலை, நாள் முழுக்க நிற்க வேண்டும். தினமும் போட ரப்பர் செருப்பு போதுமா, வார் வைத்த செருப்பு வாங்கணுமா? மெல்லிய செருப்பு போட்டால் கால் கெட்டுப்போகும் என்கிறார்களே, உண்மையா? அப்பாவுக்குச் சர்க்கரை. அவரும் வருஷக்கணக்காக ஹவாய் செருப்புதான்.

பதில்:

உங்களுக்குப் பின்வார் வைத்த, அடி கெட்டியான செருப்பு. அப்பாவுக்கு ஹவாயை இன்றைக்கே நிறுத்துங்கள். இரண்டையும் எங்கள் வீட்டிலேயே பட்டுத் தெரிந்துகொண்டோம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மருந்துக்கடையில் இருக்கிறேன். காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பது வரை நிற்பதுதான். தரை கிரானைட். ஷூ போட்டால் வியர்த்து விரலிடுக்கில் அரிப்பு வருகிறதே என்று ஒரு ஹவாய் ஜோடியைக் கடையிலேயே போட்டு வைத்து, இரண்டு வருஷம் அதிலேயே நின்றேன்.

ஒரு நாள் காலையில் கட்டிலிலிருந்து காலை ஊன்றினேன். குதிகாலில் ஆணி ஏறியது மாதிரி ஒரு வலி. நாலு எட்டு வைத்ததும் குறைந்துவிட்டது, அதனால் விட்டுவிட்டேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எழுந்தபோது அதே வலி. குதிகால் வலிக்கு மாத்திரை கேட்டு வருகிற எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன், எனக்கு வந்தபோது மூன்று வாரம் கழித்துத்தான் டாக்டரிடம் போனேன். அவர் குதிகாலின் உட்புறம், முன்பக்கமாக ஓர் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். கத்திவிட்டேன். எக்ஸ்ரேயில் முள் மாதிரி எலும்பு நீட்டிக்கொண்டிருந்தது. “இதைப் பார்த்துப் பயப்படாதீங்க, வலியே இல்லாத நிறையப் பேருக்கும் இது இருக்கும். வலிக்கிறது எலும்பு இல்லை, அதுக்குக் கீழே இருக்கிற நார்ப்பட்டை” என்றார். அப்புறம், “எந்தச் செருப்பில் நிக்கிறீங்க?” என்று கேட்டார்.

கடைக்குத் திரும்பி அந்தச் செருப்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். குதிகால் பதிகிற இடம் கிண்ணம் மாதிரி குழிந்து, புதிதில் இருந்த கனத்தில் பாதிகூட இல்லை. முன்பக்கம் அதைவிட வேடிக்கை. ஐந்து விரல்களின் நுனியும் தனித்தனிக் குழியாக, பெருவிரல் குழி மட்டும் ஆழமாகப் பதிந்திருந்தது. இரண்டு வருஷமாக என் விரல்கள் அந்தச் செருப்பைக் கவ்விப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கின்றன.

விஷயம் இதில்தான் இருக்கிறது. ஹவாய் செருப்புக்குப் பிடிமானம் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் வருகிற அந்த ஒற்றைக் குமிழ்தான். காலைத் தூக்கும்போது பின்பக்கம் தொங்குகிறது. கழன்று போகாமல் இருக்க ஒவ்வோர் எட்டுக்கும் விரல்களை மடக்குகிறோம், நமக்கே தெரியாமல். நடையும் மாறுகிறது. அமெரிக்காவில் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் 39 இளைஞர்களையும் இளம்பெண்களையும் இந்த மாதிரிச் செருப்பிலும் விளையாட்டு ஷூவிலும் நடக்கவிட்டுப் பார்த்தார்கள், 2008-இல் வெளிவந்தது. செருப்பில் நடந்தபோது எட்டு சிறியதாகிவிட்டது. பின்வார் இருந்தால் இந்தக் கவ்வுகிற வேலையே விரல்களுக்கு இல்லை. குதிகாலையும் கால்மேட்டையும் வார் பிடித்துக்கொள்கிறது, விரல் சும்மா இருக்கலாம்.

அந்த நார்ப்பட்டை குதிகால் எலும்பில் தொடங்கி விரல்களின் அடிவரை வில்லின் நாண் மாதிரி ஓடுகிறது. நிற்கும்போது உடம்பின் எடை உள்ளங்கால் வளைவைத் தட்டையாக்கப் பார்க்கும், நாண் இழுபடும். அடியில் தாங்கலே இல்லாத தேய்ந்த ரப்பரும் கிரானைட்டும் சேர்ந்தால் அந்த இழுப்பு முழுக்க எலும்பில் ஒட்டியிருக்கிற இடத்தில் போய் விழுகிறது. ராத்திரி தூக்கத்தில் பட்டை சுருங்கி ஓய்வெடுக்கும். காலையில் முதல் எட்டில் திடீரென்று இழுபடுவதால்தான் அந்த ஆணி வலி. செருப்பு மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். அந்த வருஷம் எட்டு கிலோ கூடியிருந்தேன், கெண்டைக்கால் சதையும் இறுகிப் போயிருந்தது. ஆனால் மூன்றில் உடனே மாற்ற முடிந்தது செருப்பைத்தான்.

மாற்றியது இப்படி. பின்வாரும் கால்மேட்டில் அகலமான வாரும் உள்ள சாண்டல். குதிகால் பக்கம் முன்பக்கத்தைவிட ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் உயரம். வாங்கும்போது கடையில் ஒன்று செய்து பாருங்கள். முனையையும் பின்பக்கத்தையும் பிடித்து மடக்குங்கள். விரல்கள் தொடங்குகிற இடத்தில் மடங்கினால் சரி. நடுவில், உள்ளங்கால் வளைவுக்கு நேராக அட்டை மாதிரி மடிந்தால் வைத்துவிட்டு வாருங்கள், எத்தனை வார் இருந்தாலும் பிரயோசனம் இல்லை. பெண்களுக்கென்று வருகிற அழகான தட்டைச் செருப்புகளில் பாதி இந்த ரகம். வார் உண்டு, அடி அப்பளம். அதற்கு ஒரு நல்ல ஹவாயே மேல்.

வீட்டிலும் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடப்பதை அந்தக் கொஞ்ச நாள் நிறுத்தினேன். கட்டிலை விட்டு இறங்கும் முன் உட்கார்ந்தபடியே வலிக்கிற காலை மற்றத் தொடைமேல் போட்டு, விரல்களைக் கையால் முழங்கால் பக்கமாக இழுத்துப் பிடிக்க வேண்டும். பத்து வரை எண்ணி விடுவது, இப்படிப் பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. சுவரில் கை ஊன்றி கெண்டைக்காலை நீட்டுவதும் உண்டு. மாத்திரை ஒரு வாரத்துக்கு மேல் போடவில்லை. முழுக்கச் சரியாக ஐந்து மாதம் ஆனது. அவசரப்பட்டால் எரிச்சல்தான் மிஞ்சும், அது மெல்லத்தான் விடும்.

அதற்காக ஹவாயைத் தூக்கிப் போடவில்லை. பாத்ரூமுக்கு, தெருமுனைக் கடைக்கு, மழைத் தண்ணீரில் இறங்க அதைவிட வசதியானது இல்லை. கழுவினால் காய்ந்துவிடும், விரலிடுக்கு ஈரமாக இருக்காது, சேற்றுப்புண் வராது. நல்ல கால், கொஞ்ச நேரம் என்றால் ஒன்றும் ஆகாது. வழுவழுப்பாகத் தேய்ந்ததை மட்டும் பாத்ரூமில் போடாதீர்கள். அடி மெலிந்ததைக் கருவேல முள் உள்ள பக்கம் கொண்டுபோகாதீர்கள், நேராக ஏறிவிடும். எங்கள் ஊரில் காட்டு வேலைக்குப் போகிறவர்கள் டயர் செருப்பு போட்டது சும்மா இல்லை.

இனி அப்பா விஷயம். உங்கள் வலிகூடக் காத்திருக்கும், இது காத்திருக்காது.

அம்மாவுக்குச் சர்க்கரை வந்து 14 வருஷம். ஒரு நாள் காய்கறி வாங்கிக்கொண்டு வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றப் போனார். ஒரு காலில் செருப்பே இல்லை. “எங்கம்மா ஒத்தச் செருப்போட வர்றே?” என்றேன். குனிந்து பார்த்துவிட்டுத்தான், “அடடா, எங்க விழுந்துச்சுன்னே தெரியலையேப்பா” என்றார். எல்லோரும் சிரித்தோம். வெயில் காலத் தார் ரோட்டில் முக்கால் கிலோமீட்டர் அந்தக் கால் வெறுங்காலாக வந்திருக்கிறது, சூடு உறைக்கவில்லை என்பது அன்றைக்கு ராத்திரி படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் டாக்டர் ஒரு நைலான் இழையால் சோதித்தார். பாதத்தில் நிமிர்த்தி அழுத்தினால் 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற இழை அது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு, படும்போதெல்லாம் சொல்ல வேண்டும். பெருவிரல் அடியிலும் முன்பாதத்திலும் அழுத்தியபோது பேசாமல் உட்கார்ந்திருந்தார். பெருவிரலை விலக்கிப் பார்த்தால் குமிழ் உரசுகிற இடத்தில் மிளகளவு புண். எத்தனை நாளாக இருந்ததோ, வலிக்காததால் யாருக்கும் தெரியவில்லை.

உணர்ச்சி மங்கிய காலுக்கு ஹவாய் ஆகாது என்பது இதனால்தான். விரல் கவ்வினால்தான் அது காலில் நிற்கும், கவ்வுவதற்குச் செருப்பு அங்கே இருப்பது தெரிய வேண்டும். கழன்றாலும் தெரியாது, குமிழ் புண்ணாக்கினாலும் தெரியாது, உள்ளே ஆணி ஏறினாலும் தெரியாது.

டாக்டர் அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தது எம்.சி.ஆர். செருப்பு. நுண்ணிய காற்றறைகள் உள்ள ரப்பர். நம் வேலூர்ப் பக்கத்துக்கும் இதற்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் 1946 முதல் வேலை பார்த்த அறுவை சிகிச்சை டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரலும் பாதமும் அழிவதற்குக் காரணம் நோய் நேராகத் தின்பதல்ல, வலி தெரியாமல் திரும்பத் திரும்பக் காயப்படுவதுதான் என்று காட்டினார். அவரும் கரிகிரி தொழுநோய் மையத்தில் இருந்தவர்களும் அந்தக் கால்களுக்காகப் பாடுபட்டதில் பிரபலமானதுதான் இந்தச் செருப்பு. இப்போது சர்க்கரைக்காரர்களுக்கும் அதுவே.

பெயரை மட்டும் கேட்டு வாங்காதீர்கள், எந்த மெத்துச் செருப்பையும் அந்தப் பெயரில் விற்கிறார்கள். மேல் ரப்பரை விரலால் அழுத்தினால் நன்றாக அமுங்க வேண்டும், விட்டதும் எழும்ப வேண்டும். அதன் கீழே முள் ஏறாத கெட்டி ரப்பர் இன்னோர் அடுக்கு இருக்க வேண்டும். ஒட்டித்தான் இருக்க வேண்டும், ஆணி அடித்திருக்கவே கூடாது. விரலிடுக்கில் குமிழ் கிடையாது. முன்னால் இரண்டு அகல வார், பின்னால் ஒரு வார், காலின் வீக்கத்துக்குத் தகுந்தபடி தளர்த்தி இறுக்க ஒட்டுப்பட்டை. சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் அன்றைய முழு அளவில் இருக்கும். இறுக்கமா என்று அப்பாவைக் கேட்டால் போதாது, அவருக்குத் தெரியாது. முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் போடச் சொல்லிவிட்டு, கழற்றிச் சிவந்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

தினமும் ராத்திரி ஒரு தடவை விரலிடுக்கு, குதிகால், அடிப்பாதம் மூன்றையும் பார்க்க வேண்டும். குனிய முடியாவிட்டால் தரையில் கண்ணாடி வைத்துக்கொள்ளட்டும். புண்ணோ கொப்புளமோ இருந்தால், அல்லது வலியே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சுடுகிறது என்றால், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாமல் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

அம்மாவுக்கு முதலில் அந்தச் செருப்பு பிடிக்கவே இல்லை. “இது ஆஸ்பத்திரிச் செருப்பு, கல்யாண வீட்டுக்கு இதையா போட்டுட்டு வர்றது?” என்று ஒரே சண்டை. கடைசியில் அதே அளவில் பழுப்பு நிறத் தோல் வார் வைத்துத் தைத்துக் கொடுத்தார் ஒருவர். மிளகளவு புண் ஆற ஆறு வாரம் ஆயிற்று.