குறுகும் பித்தளைத் தண்டில் வெப்பக் கடத்தல்: சராசரிப் பரப்பு ஏன் பொருந்தாது

“கும்பகோணம் பட்டறையில் வாங்கிய பித்தளைத் தண்டு, 30 செ.மீ. நீளம். ஆரம் ஒரு முனையில் 2 செ.மீ., மறுமுனையில் 1 செ.மீ. பருத்த முனை 100 டிகிரி, மெலிந்த முனை 30. சராசரிப் பரப்பு போட்டால் 20 வாட் வருகிறது, நண்பன் 16 என்கிறான். எது சரி?”

நண்பர் சொல்வதுதான் சரி. நிலையான நிலையில் எல்லாக் குறுக்குவெட்டிலும் ஒரே வெப்ப ஓட்டம் Q பாய்கிறது. ஆனால் வாய்க்கால் குறுகும் இடத்தில் தண்ணீர் வேகமெடுப்பதுபோல, தண்டு மெலியும் இடத்தில் வெப்பநிலைச் சரிவு கூடிவிடும். அதனால் குறுக்குவெட்டுப் பரப்பு A-ஐ அல்ல, 1/A-ஐத்தான் தொகையிட வேண்டும்.

```
Q = -k A(x) dT/dx
Q ∫dx/A(x) = k (T1 - T2)
```

ஆரம் நேர்கோட்டில் குறைந்தால் இந்தத் தொகை L/(π r1 r2) என்று அழகாகச் சுருங்கும். அதாவது ஆரங்களின் பெருக்கல்தான் முக்கியம். பித்தளையின் வெப்பக் கடத்துதிறன் k = 110 என்று வைத்தால்:

```
Q = 110 × π × 0.02 × 0.01 × 70 / 0.3 ≈ 16.1 W
```

நடு ஆரமான 1.5 செ.மீ. போட்டாலும் 18 வாட் வந்து ஏமாற்றும்.

அளந்து பார்க்க வேண்டுமா? தண்டின் நட்டநடுவில் வெப்பமானியை வையுங்கள். அதுவரை மொத்த வெப்பத் தடையில் மூன்றில் ஒரு பங்குதான் கடந்திருக்கும், ஆக அங்கே 65 அல்ல, கிட்டத்தட்ட 77 டிகிரி இருக்க வேண்டும். இதைவிட நன்றாகக் குறைந்தால், பக்கவாட்டில் வெப்பம் கசிகிறது என்று அர்த்தம். மூடாத தண்டு காற்றுக்கு விடுவதே சுமார் 10 வாட் இருக்கும், அப்புறம் இந்தச் சூத்திரம் செல்லாது. கண்ணாடிப் பஞ்சு சுற்றிவிட்டுச் செய்யுங்கள்.