நூறு அடி மதிலுக்கு எத்தனை கல்?

"கிளிநொச்சியில் எங்கள் காணியின் முன்பக்கம் 100 அடி நீளம், 5 அடி உயரம், நாலரை அங்குலத் தடிப்பில் செங்கல் மதில் கட்டப்போகிறோம். மேசன் 2,500 கல் போதும் என்கிறார். சரியா? சீமெந்து எத்தனை பை?"

மேசன் சதுர அடிக்கு 5 கல் என்று பெருக்கியிருக்கிறார். அது நிலத்துக்கு மேலே தெரிகிற சுவருக்கு மட்டும், அதுவும் இழுத்துப்பிடித்த கணக்கு.

சாந்தோடு சேர்த்தால் ஒரு கல்லின் முகம் ஏறத்தாழ 9 அங்குலத்துக்கு 3 அங்குலம், அதாவது 27 சதுர அங்குலம். ஒரு சதுர அடியில் 144 சதுர அங்குலம் இருப்பதால் 5.33 கல் போகும். 500 சதுர அடிக்கு 2,667. உங்கள் சூளைக் கல் சிறியதென்றால் இந்தக் கணக்கு கூடும். பத்துக் கல்லை வரிசையாக வைத்து அளந்து பாருங்கள்.

நாலரை அங்குலச் சுவர் தனியே நிற்காது, 10 அடிக்கு ஒரு 9 அங்குலத் தூண் வேண்டும். 11 தூண், ஒவ்வொன்றிலும் 20 வரி, வரிக்கு ஒரு கல் கூடுதல். ஆக 220.

எல்லோரும் மறப்பது நிலத்துக்குக் கீழே போவதைத்தான். அத்திவாரக் கொங்கிறீற்றில் இருந்து நிலமட்டம் வரை 9 அங்குலச் சுவர் ஓர் அடி எழும்பினாலே 1,067 கல் போய்விடும். முருங்கன் பக்கம் போல விரிந்து வெடிக்கிற களிமண் என்றால் இன்னும் ஆழம் வேண்டும், கல்லும் கூடும்.

மொத்தம் 3,954. உடைவுக்குப் பத்து வீதம் சேர்த்து 4,350 கல் எடுங்கள். இறக்கும்போதே இரண்டு கல்லைத் தட்டிப் பாருங்கள்; கணீரென்று கேட்காமல் மந்தமாகக் கேட்டால் அது சரியாக வேகாத கல். அந்த லோட்டில் பத்து வீதமும் போதாது.

இனி சீமெந்து. 1:5 சாந்துக்கு, சிந்துவதையும் சேர்த்து, 1000 கல்லுக்கு 50 கிலோப் பை இரண்டரைக்குச் சற்று மேல். கட்டுக்கு 10 அல்லது 11 பை வரும்.

அத்திவாரக் கொங்கிறீற்று ஒன்றரை அடி அகலம், 4 அங்குலத் தடிப்பு என்றால் 50 கன அடி. ஆனால் 50 கன அடிப் பொருள் கொட்டினால் காணாது. மணலும் சீமெந்தும் சல்லியின் இடைவெளிக்குள் இறங்கிவிடும், அதனால் உலர்ந்த அளவில் 1.54 மடங்கு, 77 கன அடி வேண்டும். ஐந்து வீதம் சேதாரத்தோடு 81. 1:3:6 கலவையில் பத்தில் ஒரு பங்கு சீமெந்து. ஒரு பை 1.25 கன அடி, ஆக 7 பை.

எல்லாமாக 18 பை, மணல் ஒரு கியூப், சல்லி அரைக் கியூப். பூச்சு இதில் இல்லை, அது தனிக் கணக்கு. சீமெந்தை மட்டும் ஒரேயடியாக இறக்காதீர்கள். மாரி ஈரத்தில் அடுக்கி வைத்த பை கட்டிபட்டால், மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கேயே போய்விடும்.