காணி விளம்பரத்தில் அலகில்லாத எண்கள்

ஹட்டன் பக்கம் ஒரு காணி விளம்பரம். "அளவு 0.0316, விலை 4.5" என்று மட்டும் இருக்கிறது. ஏக்கர், மொத்த விலை 4.5 இலட்சம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். 0.0316 ஏக்கர் என்றால் 5 பேர்ச்தான். ஆனால் இப்போதைய நில அளவைப் படங்களில் பரப்பை ஹெக்டேயரில் எழுதுகிறார்கள். ஒரு பேர்ச் 25.29 சதுர மீட்டர் என்பதால், 0.0316 ஹெக்டேயர் ஏறக்குறைய 12.5 பேர்ச் வரும். நான்கு தசம இடங்கள் இருப்பதால் எனக்கும் ஹெக்டேயர் என்றே படுகிறது. ஆனாலும் அது ஊகம்தான். அதை நம்பி முற்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

விலைதான் இன்னும் ஆபத்து. நம் பக்கம் காணி விலையைப் பெரும்பாலும் பேர்ச் கணக்கில்தான் பேசுவார்கள். பேர்ச்சுக்கு 4.5 இலட்சம் என்றால் 12.5 பேர்ச்சுக்கு 56.25 இலட்சம் ரூபாய். மொத்தமே 4.5 இலட்சம் என்றால் பேர்ச் 36,000 ரூபாய்தான் ஆகிறது. பக்கத்துக் காணி அண்மையில் என்ன விலைக்குப் போனது என்று விசாரித்தாலே எது பொருந்தும் என்று தெரியும்.

அப்புறம் விற்பவரிடம் "ஹெக்டேயரா?" என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுவிடுவார். "எத்தனை பேர்ச், மொத்தம் எத்தனை ரூபாய்?" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். உறுதியையும் நில அளவைப் படத்தையும் நொத்தாரிசிடம் காட்டி, இரண்டிலும் அதே அளவு இருக்கிறதா என்று பாருங்கள்.