பார்வையாளரைப் பார்த்துப் பேசும் பாத்திரம்: கேள்வி பதில்

ஈரோடு மாணவி: எங்க காமெடி நாடகத்துல மாப்பிள்ளை அடிக்கடி சபையைப் பார்த்துப் பேசறான். ரெண்டு தடவை சிரிச்சாங்க, அப்புறம் சிரிப்பே இல்லைங்க. ஏனுங்க?

அவன் பேசும்போது மாமனார் என்ன செய்கிறார்? வாயடைத்து நின்றால் காட்சி செத்துவிடும். ‘ஃப்ளீபேக்’ தொடரின் முதல் பருவத்தைப் (2016) பாருங்கள். நாயகி பேச்சுக்கு நடுவில் கேமராவைப் பார்ப்பாள், சில சமயம் ஒரு சொல், சில சமயம் வெறும் பார்வை. எதிரில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. அந்த விதி நமக்குப் பழகிப்போன பிறகு, 2019இல் வந்த இரண்டாம் பருவத்தில் பாதிரியார் மட்டும் அதைக் கவனித்து, எங்கே போனாய் என்று கேட்கிறார். தூக்கிவாரிப் போடும்.

அடுத்தது, மாப்பிள்ளை என்ன சொல்கிறான்? மாமனாரின் கஞ்சத்தனத்தைக் கண்ணால் பார்த்த சபையிடம் “கஞ்சன்” என்றால் யார் சிரிப்பார்கள்? “காபி அருமைங்க மாமா” என்று சொல்லிவிட்டுச் சபையை ஒரு பார்வை பார்க்கட்டும். அவன் சொன்ன பொய் நமக்கு மட்டும் தெரியும், சிரிப்பு அங்கேதான் இருக்கிறது. மாமனார் நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருக்கட்டும். கடைசியில் ஒரே ஒரு தடவை அவர், “அங்க யாருகிட்டங்க மாப்பிள்ளை பேசறீங்க?” என்று கேட்கலாம். முதல் பார்வை மட்டும் நாடகம் தொடங்கிய உடனே வந்துவிட வேண்டும். பாதியில் தொடங்கினால் நடிகர் வசனம் மறந்துவிட்டார் என்றே நினைப்பார்கள்.

திருப்பூர் வாசகர்: காமிக்ஸ்ல இதை ஆரம்பிச்சது டெட்பூல் தானுங்களே?

இல்லை. டெட்பூல் 1991இல் வந்தவன், வந்த புதிதில் அவன் வாசகரிடம் பேசவும் இல்லை. 1989இல் ஜான் பைர்ன் வரைந்த ஷீ-ஹல்க், முதல் இதழின் அட்டையிலேயே வாங்காவிட்டால் விடமாட்டேன் என்று வாசகரை மிரட்டினாள்.

பொள்ளாச்சி வாசகர்: டெட்பூல்தான் முதல்னு எல்லாரும் சொல்றாங்களே?

மேலே இருக்கிறது.

கோபி பெரியவர்: கட்டியங்காரன் எந்தக் காலத்துலயோ பண்ணுனதுங்க இது. புதுசா என்ன இருக்குது?

பழையதுதான், ஆனால் வேறு. கூத்தில் முதலிலிருந்தே அவன் நம்மோடு பேசுகிறான். மற்ற நாடகத்தில் மேடைக்கும் சபைக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவர் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம், சபையைப் பார்த்துப் பேசினால் அது உடைகிறது. அந்தச் சுவரே இல்லாத இடத்தில் எதை உடைப்பது?

அவரே: சுவர் இருக்குதுங்க. அவன் ராஜாவை நம்மகிட்டக் கிண்டல் பண்றப்போ, ராஜா கேக்காத மாதிரிதானே நிக்கறார்?

வலுவான வாதம். அந்த நேரத்துக்கு மட்டும் ஒரு சுவர் எழும்புகிறது என்று வேண்டுமானால் சொல்வேன். ஆனால் அடுத்த நொடியே அதே ராஜாவுக்கு அவன் பதில் சொல்கிறானே! நான் இன்னும் முழுதாக ஒப்பவில்லை.

கரூர் ஓவியர்: படத்துல எப்படிங்க காட்டறது?

கண்மணியை நேராக வாசகரை நோக்கி வையுங்கள், கூட இருப்பவர்களைப் பக்கவாட்டில் வரையுங்கள். எல்லார் முகமும் முன்னால் திரும்பியிருந்தால் போட்டோவுக்கு நிற்பதுபோல் ஆகிவிடும். இங்கேயும் அதேதான்: முதல் பக்கங்களிலேயே ஒரு தடவை பார்க்கவிடுங்கள்.

பல்லடம் வாசகர்: எங்க ஊர் நாடகத்துல சபையைப் பார்த்துப் பேசுனா, கூட்டத்துல ஒருத்தர் பதில் சொல்லிடறாருங்க!

கேள்வியாகக் கேட்டால் பதில் வரத்தான் செய்யும். வசனத்தைச் சேதி சொல்வதுபோல் மாற்றிவிட்டு, முடிந்த கையோடு எதிர்ப் பாத்திரத்தின் பக்கம் திரும்பிவிடச் சொல்லுங்கள்.