பிக் அப் யூ தவறு, லுக் ஆஃப்டர் இட் சரி: ஏன்?

"ரீச்சர், நல்லூரில் சின்னத் தங்குவிடுதி ஒன்று நடத்துகிறேன். வெளிநாட்டு விருந்தினருக்கு 'வீ வில் பிக் அப் யூ' என்று அனுப்பினேன். 'பிக் யூ அப்' என்றுதான் வரவேண்டும் என்று என் மகள் திருத்தினாள். சரி என்று அடுத்த முறை பையைப் பற்றி 'லுக் இட் ஆஃப்டர்' என்று எழுதினேன். அதுவும் பிழையாம். அனுப்புவதற்கு முன் நானே எப்படிச் சரிபார்ப்பது?"

மகள் இரண்டு இடத்திலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறா. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி இருந்தாலும், உள்ளே 'அப்' செய்யும் வேலை வேறு, 'ஆஃப்டர்' செய்யும் வேலை வேறு.

'பிக் அப்' என்பதில் 'அப்' வினையோடு சேர்ந்து அதன் பொருளை நிறைவாக்குகிற துணைச்சொல். அது பையையோ ஆளையோ பிடித்துக்கொண்டு நிற்பதில்லை, அதனால் வினையை விட்டு விலகி நிற்க அதற்கு இடம் உண்டு. பெயர்ச்சொல் வந்தால் இரண்டு விதமாகவும் சொல்லலாம்: 'பிக் அப் த பேக்', 'பிக் த பேக் அப்'. ஆனால் மீ, யூ, ஹிம், ஹெர், இட், அஸ், தெம் என்ற சின்னப் பிரதிப்பெயர்கள் வந்தால் நடுவில் மட்டும்தான் இடம். ஆங்கிலத்தில் புதிய செய்தி பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில், அழுத்தத்தோடு வரும். 'இட்' என்பது ஏற்கெனவே தெரிந்த பொருள், அழுத்தம் இல்லாத சொல். அதனால் அது உள்ளே ஒதுங்க, கடைசி அழுத்தத்தை 'அப்' எடுத்துக்கொள்கிறது.

'லுக் ஆஃப்டர்' அப்படி இல்லை. இங்கே 'ஆஃப்டர்' ஒரு முன்னிடைச்சொல். நம் வேற்றுமை உருபு பெயரை விட்டுப் பிரியாதது போல, அதுவும் தனக்குப் பின்னால் வருகிற பெயரை விடாது. 'அவனுக்கு' என்பதில் 'கு' வை மட்டும் கழற்றி வேறு இடத்தில் வைக்க முடியுமா? அதேபோலத்தான் 'லுக் ஆஃப்டர் இட்'.

நாம் தடுமாறுவதற்குக் காரணமும் தமிழில்தான் இருக்கிறது. 'பையை எடுத்து வா' என்றால் 'எடுத்து வா' ஒரே கட்டாக நிற்கும், நடுவில் பையை நுழைக்க மாட்டோம். அந்தப் பழக்கத்தில் 'பிக் அப்'பையும் ஒரே சொல்லாக நினைத்து, பொருளைப் பின்னால் ஒட்டிவிடுகிறோம். வகுப்பில் நான் திருத்துகிற பிழைகளில் இதுதான் அடிக்கடி வருவது.

சரிபார்க்கும்போது 'பிக் அப்' போன்ற சொற்றொடரின் கடைசிச் சொல்லை முதலில் பாருங்கள். ஆஃப்டர், அட், ஃபோர், ஃப்ரொம், இன்டூ, வித் என்றால் பிரிக்க வேண்டாம்: 'லுக் அட் இட்', 'வெயிட் ஃபோர் ஹிம்'. அவே, பக் என்றால் பிரதிப்பெயர் நடுவில் வரும்: 'புட் இட் அவே', 'சென்ட் இட் பக்'. அப், டவுன், ஓஃப், ஓன், ஓவர், த்ரூ ஆகியவைதான் சிக்கல். இவை இரண்டு வேலையும் செய்யும், பொருளைப் பொறுத்து இடம் மாறும். கடையில் கடன் பில்லை ஏற்றிக்கொண்டால் 'ரன் இட் அப்', மலையில் ஓடி ஏறினால் 'ரன் அப் இட்'. எடுத்த வேலையை முடிக்கும்வரை விடாமல் செய்தால் 'சீ இட் த்ரூ', ஒரு பொய்யை இனங்கண்டால் 'சீ த்ரூ இட்'.

சந்தேகம் வந்தால் லோங்மன் இணைய அகராதியைத் திறவுங்கள். அங்கே தலைப்பு இப்படி இருக்கும்:

```
pick somebody/something ↔ up
look after somebody/something
```

இருபக்க அம்பு தெரிந்தால் பிரியும், இல்லாவிட்டால் வரிசையை அங்கே உள்ளபடியே எழுதுங்கள். ஒரே சொற்றொடருக்குப் பல பொருள் இருக்கும், அதனால் உங்களுக்கு வேண்டிய பொருளுக்கு நேரே உள்ள வடிவத்தைப் பாருங்கள். அம்பு இருந்தாலும் பிரதிப்பெயர் நடுவில்தான் என்பதை மறக்கக்கூடாது.

உங்கள் செய்தியை இப்படி அனுப்பலாம்:

```
We will pick you up at Jaffna station.
Leave your bag here and we will look after it.
When you have finished with the key, drop it off at the desk.
```

மூன்றாவது வரியில் 'ஃபினிஷ்ட் வித் த கீ' என்று வருகிறது அல்லவா? அங்கே சாவிக்குப் பதில் 'இட்' போட்டாலும் அது 'வித்'துக்குப் பின்னால்தான் நிற்கும். 'ட்ரொப் ஓஃப்' பிரியும் வகை, அதனால் அங்கே 'இட்' நடுவுக்கு வந்துவிட்டது.

விதிக்கு ஒரு விலக்கும் உங்கள் வேலையில் வரும். இரண்டு பேரைச் சேர்த்துச் சொல்லும்போது பிரதிப்பெயருக்கும் அழுத்தம் விழுகிறது, அதனால் அது பின்னால் வந்தாலும் சரி. தாயோடு வருகிற விருந்தினருக்கு 'வீ வில் பிக் அப் யூ அன்ட் யுவர் மதர்' என்று எழுதினால் அதில் பிழை இல்லை.