சீருடைக் கடையின் மலிவு விற்பனையும் மச்சானின் காசோலையும்

கேள்வி: ஐயா, வெள்ளவத்தையில் ஒன்பது வருடமாகப் பாடசாலைச் சீருடைக் கடை நடத்துகிறேன். கையிருப்பு, கொள்விலைக்கு 14 இலட்சம் ரூபா வரும். அதில் 3 இலட்சம் பழைய சரக்கு. அதிலும் பாதி வெட்டாத மீற்றர் துணி. சராசரியாக 1,000 ரூபாவுக்கு எடுப்பதை 1,400க்கு விற்கிறேன். என் மனைவியின் தம்பி இரண்டு மாதங்களுக்கு முன், வெளியில் ஓர் ஆளிடம் மாற்றிக்கொள்வதற்காக என்னிடம் 4 இலட்சம் ரூபாவுக்குக் காசோலை வாங்கிப் போனார். அது டிசம்பர் 22ஆம் திகதி வங்கிக்கு வருகிறது. காசு போட முடியாது என்று இப்போது சொல்கிறார். இப்படி நடப்பது மூன்றாவது வருடம். புறக்கோட்டை மொத்த வியாபாரிக்குக் கொடுத்த 3.5 இலட்சம் ரூபா காசோலையும் ஜனவரி 20இல் வருகிறது. புதிய கல்வியாண்டுக்கு முன் 'எல்லாவற்றுக்கும் 40 சதவீதக் கழிவு' என்று பதிவு போட எண்ணியிருக்கிறேன். 40 போதுமா, 50 போட வேண்டுமா? தவணைக் கொடுப்பனவுச் செயலி ஒன்றில் சேரும்படியும் சொல்கிறார்கள். - ஒரு கடைக்காரர்

பதில்: ஒன்பது வருடம் கடை நடத்தியவருக்கு வரவு செலவு எழுதும் முறையை நான் சொல்லத் தேவையில்லை. நீங்கள் கேட்டது கழிவின் அளவைப் பற்றி. ஆனால் 40, 50 என்ற இரண்டு எண்களுமே மச்சானின் கடனை உங்கள் சரக்கின் விலையிலிருந்து அடைப்பதற்கான எண்கள்தாம். அந்தக் காசோலை இல்லாவிட்டால், வருடத்திலேயே சீருடைக்கு அதிகக் கிராக்கி உள்ள வாரங்களுக்கு முன்னால் ஓடுகிற சரக்கின் விலையைக் குறைக்கும் எண்ணம் உங்களுக்கே வந்திருக்காது.

கணக்கைப் பருமட்டாகப் பார்ப்போம். 1,400 ரூபாச் சட்டையை 40 சதவீதக் கழிவில் கொடுத்தால் கைக்கு வருவது 840 ரூபா; கொள்விலையில் 160 ரூபா குறைவு. அந்த விலையில் 4 இலட்சம் திரட்ட ஏறத்தாழ 476 உருப்படிகள் விற்க வேண்டும். கொள்விலைக்கே 76,000 ரூபா நட்டம். அதே 476 உருப்படிகள் ஜனவரியில் வழமையான விலைக்குப் போனால் 6.66 இலட்சம் வந்திருக்கும். கழிவை 50 ஆக்கினால் 571 உருப்படிகள் போக வேண்டும், நட்டம் 1.7 இலட்சத்தைத் தாண்டிவிடும். கடை வாடகையும் மின்கட்டணமும் இதில் சேரவில்லை.

கழிவு கொடுத்தால் விற்பனை பெருகி அது ஈடாகிவிடும் என்று நீங்கள் நினைக்கலாம். சேலையிலும் பண்டிகை உடுப்பிலும் அது ஓரளவு நடக்கும், ஏனென்றால் மலிவைக் கண்டு வாங்கும் கூட்டம் அவற்றுக்கு உண்டு. சீருடைக்கு அந்தக் கூட்டம் இல்லை. ஒரு பிள்ளைக்கு மூன்று வெள்ளைச் சட்டை போதுமென்று நினைக்கும் தாய், விலை பாதியானாலும் மூன்று அல்லது நான்குதான் எடுப்பார். அடுத்த வருடத்துக்கும் சேர்த்து எடுக்க மாட்டார், பிள்ளை வளர்ந்துவிடும். ஆகவே உங்கள் பதிவைப் பார்த்து டிசம்பரில் வருகிறவர்களில் பெரும்பாலோர் ஜனவரியில் முழு விலைக்கு வாங்க இருந்த உங்கள் வாடிக்கையாளர்களே. போதாததற்கு, முதலில் கரைவது நடு அளவுகள்தாம். தவணை தொடங்கும் வாரத்தில் வருகிறவர்களுக்குக் காட்ட மிகச் சிறியதும் மிகப் பெரியதுமே மிஞ்சும்; அவர்கள் அடுத்த கடைக்குப் போவார்கள், மொத்த வியாபாரியின் காசோலைக்கு வேண்டிய காசும் அவர்களோடு போய்விடும்.

இனி மச்சானுக்குக் காசோலை கொடுக்கும் பழக்கத்துக்கு வருகிறேன். காசோலை 'மாற்றுகிற' ஆள் மாதத்துக்கு நூற்றுக்கு 5 வீதம் பிடிப்பவர் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாதக் காசோலைக்கு மச்சானின் கைக்குக் கிடைத்தது 3.6 இலட்சமே. அவருடைய பெயரை நம்பி எவரும் கடன் கொடுக்காததால் உங்கள் கடையின் பெயரை எடுத்துப் போய் வருடத்துக்கு 60 சதவீத வட்டியில் வாங்கியிருக்கிறார். நீங்கள் ஒரு சதமும் பெறவில்லை என்பது காசோலையை வைத்திருப்பவரைப் பாதிக்காது. பெறுமதி கொடுத்து அதைப் பெற்றவருக்கு, ஒப்பமிட்டவர் என்ற முறையில் நீங்களே பொறுப்பு. உறவினருக்கு உதவியாகத்தான் கொடுத்தீர்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தாலும் அந்தப் பொறுப்பு நீங்காது. கணக்கில் காசில்லை என்று தெரிந்துகொண்டே காசோலை கொடுப்பது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின்கீழ் சிறைத்தண்டனைக்கும் இடமளிக்கும் குற்றம். காசில்லாமல் திரும்பிய காசோலை கடன் தகவல் பணியக அறிக்கையிலும் ஏறும். அதன்பின் வங்கியில் ஒரு மேலதிகப் பற்று வசதி கேட்கவே நீங்கள் கூச வேண்டிவரும். இத்தனையையும் மூன்று வருடமாக ஒரு குடும்ப உதவி என்று நினைத்துக்கொண்டு செய்திருக்கிறீர்கள்.

ஆகவே இந்த வாரமே, பதிவு எழுதுவதற்கு முன்னால், மச்சானை அழைத்துக்கொண்டு அந்த ஆளிடம் நேரில் செல்லுங்கள். 4 இலட்சத்தை இரண்டாகப் பிரிக்கக் கேளுங்கள்: 2 இலட்சம் டிசம்பர் 22இல், மற்றைய 2 இலட்சம் ஜனவரி இறுதியில். தவணை நீடிப்புக்கு வட்டி கேட்பார். 2 இலட்சத்துக்கு ஒரு மாதத்துக்கும் சற்று அதிகமான காலத்துக்கு 5 வீதம் என்றால் ஏறத்தாழ 13,000 ரூபா வரும். அந்த வட்டியை மச்சான் அங்கேயே காசாகக் கொடுக்கட்டும். பழைய காசோலை உங்கள் கைக்குத் திரும்பி வந்த பின்னரே புதியவற்றில் ஒப்பமிடுங்கள். 'பிறகு கிழித்துவிடுகிறேன்' என்ற பேச்சை ஏற்காதீர்கள். பழையதும் புதியதும் ஒருசேர வங்கிக்குப் போன கதைகள் புறக்கோட்டையில் போதுமான அளவு உண்டு.

அவர் பிரிக்கச் சம்மதிக்காவிட்டால் நகையை வங்கியில் அடகு வைப்பதே அடுத்த வழி. முதலில் போக வேண்டியது மச்சான் வீட்டு நகை, உங்கள் மனைவியின் நகை அல்ல. வங்கியின் அடகு வட்டி இப்போது அந்த ஆளின் வட்டியில் பாதிக்கும் குறைவு. மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்றரை என்று கூட்டியே வைத்தாலும், 3 இலட்சத்துக்கு இரண்டு மாத வட்டி 9,000 ரூபா. கழிவில் இழக்க இருந்த 76,000 ரூபாவுக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். கடன் வாங்கச் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை; ஆனால் பருவத்துக்கு முன்னால் ஓடுகிற சரக்கைக் கொள்விலைக்குக் கீழே தள்ளுவது, வெளியில் வாங்கும் கடனைவிடவும் விலை கூடிய கடன்.

அடகுக் கணக்கில் 4 இலட்சத்துக்குப் பதிலாக 3 இலட்சம் என்று எழுதியதற்குக் காரணம், மிச்ச 1 இலட்சம் பழைய சரக்கிலிருந்து வர வேண்டும் என்பதே. மலிவு விற்பனை தேவைதான், ஆனால் அந்த 3 இலட்சத்துக்கு மட்டும். அதிலும் முதலில் மீற்றர் துணி. அரசாங்கப் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணி இலவசமாகக் கிடைக்கிறது. 2025ஆம் ஆண்டுக்குரிய துணி முழுவதும் சீன அரசாங்கத்தின் நன்கொடையாக வந்தது. துணி கையில் இருக்கும் வீட்டுக்கு மறுபடியும் துணி விற்க முடியாது. கொள்விலையில் பாதிக்கு வந்தாலும் விடுங்கள். தனியார் தையல் வகுப்புகளும் முன்பள்ளிகளும் எடுக்கக்கூடும். அந்த வீடுகளுக்கு இல்லாதது தையல். நம்பிக்கையான தையற்காரர் ஒருவரோடு பேசி, இலவசத் துணியைக் கொண்டு வந்தால் தைத்துத் தருவதாகச் சொல்லி, கூலியில் பாதியை முற்பணமாக வாங்குங்கள். சரக்குப் போடாமல் டிசம்பரிலேயே வரும் காசு அது.

அடுத்தது நெடுநாள் பொலித்தீனில் கிடந்த வெள்ளை உடுப்புகள். அவற்றைப் பகல் வெளிச்சத்தில் பிரித்து மடிப்புக் கோடுகளைப் பாருங்கள். கடை விளக்கில் தெரியாத மஞ்சள் அங்கேதான் முதலில் தெரியும். ஒருமுறை தோய்த்ததும் போகிறதா என்று ஒன்றில் சோதித்துவிட்டு, போகாவிட்டால் அந்தக் குறையைச் சொல்லியே விற்க வேண்டும். பாடசாலை மாற்றிவிட்ட பழைய கழுத்துப்பட்டி, இல்ல விளையாட்டுப் போட்டிக்கு எடுத்து மிஞ்சிய ரீசேட் ஆகியவை வந்த விலைக்குப் போகட்டும். நடு அளவுச் சட்டை, வெள்ளைக் கவுன், நீலக் காற்சட்டை எதுவும் அந்த மேசைக்கு வரக்கூடாது.

பதிவையும் அதற்கேற்ப எழுதுங்கள். 'எல்லாவற்றுக்கும் 40 சதவீதம்' என்ற தலைப்பில் வருகிறவர், அந்த அளவு மேசையில் இல்லையென்றால் ஏமாந்த முகத்தோடு திரும்புவார். கீழே உள்ளதுபோல் இருந்தால் போதும்:

'குறிப்பிட்ட அளவுகளுக்கு மட்டும் மலிவு விற்பனை, டிசம்பர் 21 வரை. கழுத்தளவு 11, 11½ வெள்ளைச் சட்டை, மடிப்பில் இலேசான மஞ்சள் உள்ளது, 600 ரூபா. வெள்ளைச் சீருடைத் துணி மீற்றர் கணக்கில், கையிருப்பு உள்ளவரை. இலவசச் சீருடைத் துணியைக் கொண்டு வந்தால் தைத்துத் தரப்படும். புதிய சரக்கு வழமையான விலையில். அளவு பொருந்தாவிட்டால் தோய்க்காத உடுப்பைப் பாடசாலை தொடங்கி ஒரு வாரம் வரை மாற்றிக்கொள்ளலாம்.'

கடைசி வரி கழிவைவிடப் பெரிய ஈர்ப்பு. வளரும் பிள்ளைக்கு அளவு சொல்ல முடியாமல் தவிக்கும் தாய்க்கு, இருநூறு ரூபாக் குறைவைவிட மாற்றித் தருவார்கள் என்ற உறுதி பெரிது. விலையை முதலில் ஏற்றிவிட்டுக் கோடடித்துக் குறைத்துக் காட்டும் வேலை மட்டும் வேண்டாம்; 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வாங்குபவரைத் தவறாக வழிநடத்துவதைத் தடை செய்கிறது.

தவணைச் செயலியைப் பற்றி அதிகம் எழுத எனக்குப் பொறுமை இல்லை. வாங்குபவருக்கு வட்டியில்லை என்று அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், ஏனென்றால் அவர்களுடைய வருமானத்தின் ஒரு பகுதி உங்களிடமிருந்து பிடிக்கும் தரகு. 400 ரூபா இலாபம் உள்ள சட்டைக்கு அந்தத் தரகு எவ்வளவு என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டு, பிடித்தது போக மிச்சக் காசு எத்தனை நாளில் உங்கள் கணக்குக்கு வரும் என்றும் கேளுங்கள். டிசம்பர் 22க்கு முன் வராத காசு உங்களுக்கு இப்போது உதவாது.

மச்சானிடம் இந்த 4 இலட்சத்துக்கு எழுத்தில் கடன் ஒப்பம் வாங்குங்கள். மாதம் 20,000 ரூபா வீதம் கொடுத்தால் இருபது மாதத்தில் முடியும். இனி உதவ விரும்பினால், கல்லாவில் உள்ளதில் உங்களால் இழக்க முடிந்த அளவைக் காசாகக் கொடுங்கள். காசோலைப் புத்தகத்தைக் கடையில் வைக்காமல் வீட்டில் உங்கள் மனைவியின் பொறுப்பில் வையுங்கள். அவருடைய தம்பி அடுத்த ஒக்டோபரில் கேட்கும்போது, எதற்கென்று முதலில் அறிய வேண்டியவர் அவர்தான்.